ஒரு சதவீதமும் ஓர் இரிடியம் துண்டும்

கேள்வி: தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஒரு வருடத்தில் 37 மடங்கு ஆகிவிடுமாம், தினமும் ஒரு சதவீதம் குறைந்தால் 0.03-தான் மிஞ்சுமாம். இரண்டும் அதே ஒரு சதவீதம்தானே, ஏன் ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

நான் வெல்டிங் சோதனை செய்கிறவன். கொதிகலன் குழாய்களின் வெல்டிங்குக்குள் விரிசலோ காற்றுக் குமிழோ இருக்கிறதா என்று காமாக் கதிரால் படம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. அதற்கு நாங்கள் பயன்படுத்தும் இரிடியம்-192 என்ற கதிரியக்கத் துண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் பலம் குறைந்துகொண்டே வருகிற பொருள். சரியாகச் சொன்னால் 0.93 சதவீதம். ஆகவே நீங்கள் கேட்கிற கணக்கின் ஒரு பாதியோடு நான் தினமும் குடித்தனம் நடத்துகிறேன்.

பயிற்சிக் காலத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும். துண்டு புதிதாக வந்தபோது அதன் பலம் 40 கியூரி. ஒரு குறிப்பிட்ட குழாய்க்கு, ஒரு குறிப்பிட்ட தூரத்தில், 3 நிமிடம் கதிரைக் காட்டினால் ஃபிலிம் சரியான கருமையோடு வரும். 40-ஐ 3-ஆல் பெருக்கினால் 120. பலம் குறையக் குறைய நேரத்தைக் கூட்டி, பெருக்குத்தொகை 120 ஆகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நாளில் எத்தனை கியூரி என்பதற்குத் துண்டோடு ஓர் அட்டவணை வரும், நாங்கள் அதை டிகே சார்ட் என்போம்.

அறுபதாம் நாள் இரவு வேலையில் அந்தச் சார்ட் கையில் இல்லை. எனக்கென்ன தெரியாதா என்று மனக்கணக்குப் போட்டேன். நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 0.4 கியூரி. அறுபது நாளுக்கு 24 போயிற்று, மீதி 16. 120-ஐ 16-ஆல் வகுத்தால் ஏழரை நிமிடம். இரவு முழுவதும் ஏழரை நிமிடக் கணக்கில் படமெடுத்துத் தள்ளினேன். காலையில் ஃபிலிம்களைக் கழுவி ஒளிப்பலகையில் வைத்தால் எல்லாம் கரி. கருமை அளவு 3 வரும்படி போட்ட கணக்கு, 4-ஐத் தாண்டிப் போயிருந்தது. அந்தக் கருமையில் விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மேற்பார்வையாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, உன் கணக்குப்படி நூறாவது நாள் இந்தத் துண்டு செத்துப்போயிருக்க வேண்டும். போன துண்டை நாம் ஐந்து மாதம் பயன்படுத்தினோமே?" என்று மட்டும் கேட்டார். உண்மையில் அன்று இருந்தது 16 கியூரி அல்ல, 22.8. கொடுத்திருக்க வேண்டிய நேரம் ஐந்தேகால் நிமிடம்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்தத் தவறுக்குள்தான் இருக்கிறது. நான் ஆரம்பத்தில் இருந்த நாற்பதில் ஒரு சதவீதத்தை நாள்தோறும் கழித்தேன். துண்டோ அன்றன்று மிஞ்சியிருப்பதில்தான் ஒரு சதவீதத்தை இழக்கிறது. ஒவ்வோர் அணுவும் மற்ற அணுக்களைப் பற்றிக் கவலைப்படாமல் தன் பாட்டுக்குச் சிதைகிறது. அணுக்கள் பாதியாகிவிட்டால் அன்றாடச் சிதைவும் பாதியாகிவிடும். முதல் நாள் 0.4 கியூரி போனது, 74 நாளில் 20 கியூரி ஆன பிறகு நாளுக்கு 0.2 கூடப் போவதில்லை. இழக்க இழக்க, இழப்பதற்கு இருப்பது குறைகிறது. அதனால் சரிவு பூஜ்யத்தை நெருங்கும்போது தவழ ஆரம்பித்துவிடுகிறது, பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை.

ஏறும் பக்கத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். 1-இல் தொடங்கினால் முதல் நாள் கூடுவது 0.01. கடைசி நாள் கூடுவது 0.37, ஏனென்றால் அன்றைய ஒரு சதவீதம் 37-க்கு மேற்பட்ட தொகையின் ஒரு சதவீதம். ஆறு மாதத்தில் ஆறு மடங்குதான் ஆகியிருக்கும், மீதி முப்பத்தொன்றும் இரண்டாவது பாதியில் வந்து சேரும். கீழே தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஏற்றத்தாழ்வு இவ்வளவுதான்.

ஆனால் அது ஏற்றத்தாழ்வே அல்ல என்பது என் கட்சி. நீங்கள் சொன்ன 0.03 சரியாகச் சொன்னால் 0.0255, அதை "ஒன்றுமில்லை" என்று படிக்கிறோம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், 1-ஐ 0.0255-ஆல் வகுத்தால் 39.2 வரும். அதாவது ஏறுகிறவர் 37.8 மடங்கு ஏறினார், இறங்குகிறவர் 39.2 மடங்கு இறங்கினார். சொல்லப்போனால் இறக்கம்தான் ஒரு பிடி அதிகம்! இன்றைக்கு ஒரு சதவீதம் ஏறி நாளைக்கு ஒரு சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வர மாட்டோம், 0.9999-இல் நிற்போம். அந்தச் சிறு கசிவு வருடம் முழுவதும் சேர்ந்ததுதான் இந்த வித்தியாசம். இரட்டிப்பாக எழுபது நாள் ஆகும், பாதியாக அறுபத்தொன்பது நாள் ஆகும்.

என் டிகே சார்ட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடப்பக்கம் கியூரி: 40, எழுபத்து நான்காம் நாள் 20, நூற்று நாற்பத்தெட்டாம் நாள் 10, ஒரு வருடம் விட்டுவைத்தால் 1.3. வலப்பக்கம் நான் பென்சிலால் எழுதிக்கொள்ளும் நிமிடம்: 3, 6, 12, கடைசியில் 92. இடது வரிசையைப் பார்த்தவர் "முப்பத்தொன்பது குறைந்தது" என்பார், வலது வரிசையைப் பார்த்தவர் "எண்பத்தொன்பது கூடியது" என்பார். இரண்டு வரிசையும் ஒரே துண்டைப் பற்றியவை. எந்தப் பக்கம் பெரிதாகத் தெரிகிறது என்பது, நாம் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மடங்குக் கணக்கில் நடப்பதைக் கழித்தல் கணக்கில் அளந்தால் ஒரு பக்கம் ஊதித்தான் தெரியும். (ஒரு வருடத் துண்டை யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வேலை நகராது. அதற்கு வெகு முன்பே புதுத் துண்டு வாங்கிவிடுவோம்.)

அலுவலகச் சுவர்களில் இந்தக் கணக்கை மனித முன்னேற்றத்துக்குப் பொருத்தி ஒட்டி வைக்கிறார்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தமிழ்நாட்டில் தட்டச்சு இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேண்டும். அந்த வேகம் உள்ளவர் தினமும் ஒரு சதவீதம் கூட்டினால் அடுத்த ஆண்டு நிமிடத்துக்கு 1,133 சொல் அடிப்பார். முதுநிலைத் தேர்வே 45 சொல்தான். ஒரு வருடம் தொடாமல் இருந்தவரும் முக்கால் சொல்லுக்கு இறங்கிவிட மாட்டார், விரல் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். இரிடியத்துக்கு அந்தக் கணக்கு பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது, இருக்கும் அணுக்களின் எண்ணிக்கைதான் அன்றைய இழப்பைத் தீர்மானிக்கிறது. நேற்று கற்ற சொற்கள் இன்றைய வேகத்தை அதே விகிதத்தில் ஈன்று தருவதில்லை. வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போகும் கடனில் வேண்டுமானால் தரும்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சார்ட்டைக் கொடுத்து, எந்த வரியிலும் இடது எண்ணை வலது எண்ணால் பெருக்கிப் பார்க்கச் சொல்கிறேன். நாற்பதாவது நாளிலும் 120, நூறாவது நாளிலும் 120. "அப்படியானால் எதுவுமே மாறவில்லையா சார்?" என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான். ஃபிலிமுக்கு மாறவில்லை, இரவில் விழித்துக் காத்திருக்கிற உனக்குத்தான் மாறும் என்றேன்.