அந்த 60 சேலைக்குக் கூலி யாரு குடுத்தா?

"ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் பண்றேங்க அக்கா. 5 பக்கம், 40 சேலை, 45,000 ரூபான்னு கொட்டேஷன் குடுத்து பாதி அட்வான்ஸ் வாங்கியாச்சு. இப்ப 180 சேலை ஏத்தச் சொல்றாரு. நல்ல மனுஷன், தம்பி தம்பின்னுதான் கூப்பிடுவாரு, மறுத்துப் பேச வாய் வரல. வீட்டுக்காரி ராத்திரி உக்காந்து ஏத்திக் குடுக்கிறதால இதுவரைக்கும் 100 முடிஞ்சிருச்சு. அவரு மனசு நோகாம எப்படிச் சொல்றது?"
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

தம்பி, கடைக்காரர் மனசு நோகக்கூடாதுன்னு கேக்குறீங்க, வீட்டுக்காரிய ஒத்த வரில தாண்டிப் போயிட்டீங்க. நான் அந்த வரியிலயே நின்னுட்டேன். பேசினதுக்கு மேல ஏறினது 60 சேலை. போட்டோவ வெட்டி சைஸ் குறைச்சு, பேரு, விலை, கலரு எல்லாம் அடிச்சு முடிக்க ஒண்ணுக்கு 10 நிமிஷம்னு வச்சாலும் 10 மணி நேரம், அதுவும் பகல் பூரா வீட்டு வேலை பாத்துட்டு. அவர்கிட்ட சொல்லத் தயங்கின 'முடியாது'வ அந்தப் பொண்ணு தூக்கத்துல கழிச்சிருக்கீங்க. புருஷனுக்கு ஒத்தாசை பண்றது வேற, முன்னப்பின்ன தெரியாத ஜவுளிக்கடைக்குச் சும்மா உழைக்கிறது வேற. இன்னிக்கு ராத்திரியோட அத நிறுத்துங்க.

கடைக்காரர்கிட்ட போன்ல பேசாதீங்க, பேசினா "சரிங்கண்ணா பாத்துக்கலாம்"னு வாய்ல வந்துரும், அவரு காதுல அது 'காசில்லாம பண்ணித் தர்றேன்'னுதான் விழும். கொட்டேஷன்ல 40ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதான் உங்க பிடி. வாட்ஸப்ல இப்படி அனுப்புங்க:

"அண்ணா, கொட்டேஷன்ல பேசின 40 சேலையும் ஏத்தியாச்சு, சைட்டு சொன்ன தேதிக்கு ரெடி ஆயிரும். அதுக்கு மேல 60 ஏத்தினதுக்கு காசு வேணாம். மீதி 80க்கு, ஒண்ணு 40 ரூபா வீதம் 3,200 ஆகும், ஒரு வாரம் கூடப் பிடிக்கும். ஓகேன்னு பதில் போட்டு பாதி அனுப்பினீங்கன்னா ஆரம்பிச்சுடறேன். இல்லன்னா கடைப் பையன அனுப்புங்க, எப்படி ஏத்துறதுன்னு சொல்லிக் குடுத்துடறேன்."

இதுல மன்னிப்பும் வேணாம், வீட்டுக் கஷ்டமும் வேணாம். கஷ்டத்தச் சொன்னா அவரு அதுக்கு ஆறுதல் சொல்லிட்டு வேலைய அப்படியே விட்டுருவாரு. முடிஞ்சு போன 60க்கு இப்ப காசு கேட்டா சண்டைதான் வரும், முன்னாடியே சொல்லாதது உங்க தப்பு. ஆனா பில்லுல 2,400னு ஒரு வரி போட்டு, அடுத்த வரில தள்ளுபடின்னு கழிச்சுக் காட்டுங்க, இல்லன்னா அதுக்கும் ஒரு விலை இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

"என்ன தம்பி, நமக்குள்ள காசு கணக்கா?"ன்னு கண்டிப்பா கேப்பாரு. "ஆமாங்கண்ணா, கணக்கு சரியா இருந்தாத்தான் அடுத்த வேலைக்கும் உங்ககிட்ட கூச்சமில்லாம வர முடியும்"னு சொல்லிட்டு பேசாம இருங்க, நீங்களே முந்திக்கிட்டு விலையக் குறைக்காதீங்க. அவரு பதில் போட லேட் பண்ணாலும் பேசின 5 பக்கத்த நிறுத்தி வைக்கக்கூடாது, அப்ப வாக்கு தவறினது நீங்கன்னு ஆயிரும். அத முடிச்சு ஒப்படைச்ச அன்னிக்கே பாக்கி 22,500க்கு பில்லப் போடுங்க. 80 சேலைக்கு தனி பில்லு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்தீங்கன்னா கடைசிச் சேலை ஏறுற வரைக்கும் மொத்தக் காசும் அவரு பெட்டிலதான் கிடக்கும்.

பாக்கி வந்த உடனே அந்த 2,400ஐ எண்ணி உங்க வீட்டுக்காரி கையில குடுங்க.