சாட்பாட் பில்லு: காரைக்குடி பலகாரக் கடைக்கு ஒரு கணக்கு

கேள்வி: அண்ணே, காரைக்குடியில எங்க ஆச்சியோட பலகாரக் கடைக்கு வாட்ஸ்அப்ல சாட்பாட் போடப் போறோம். ஒரு நாளைக்கு 300 மெசேஜ் வரும், ஒரு மெசேஜ் 40 டோக்கன், பதில் 160 டோக்கன்னு வச்சேன். ரேட்டு 10 லட்சம் டோக்கனுக்கு உள்ள போறது ₹50, வெளிய வர்றது ₹250. மாசத்துக்கு ₹378 தான் வருது. நம்பி ஆரம்பிக்கலாமா?

பதில்: பெருக்கல் எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி, அந்த 40தான் தப்பு.

டோக்கன்ங்கிறது சாட்பாட்டுக்குப் பின்னாடி ஓடுற ஏஐ மாடல் எழுத்தை உடைச்சு வச்சிருக்கிற துண்டு, அதை எண்ணித்தான் காசு. அந்த மாடலுக்கு ஞாபகம்னு ஒண்ணு கிடையாது. கஸ்டமர் "தேன்குழல் இருக்கா"ன்னு கேட்டா அந்த ரெண்டு வார்த்தை மட்டும் போறதில்ல. "நீ இந்தக் கடையோட ஆளு, மரியாதையா பேசு, பாக்கி கேட்டா இப்படிச் சொல்லு"ன்னு நீங்க எழுதி வச்ச குறிப்பு, தேன்குழல்லேர்ந்து சீப்பு சீடை, மனகோலம், அதிரசம் வரைக்கும் முழு விலைப்பட்டியல், அதுக்கு மேல அந்த ஆள் இதுவரைக்கும் பேசுனது நீங்க பதில் சொன்னது, எல்லாம் சேந்து ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து போகுது. போற அத்தனைக்கும் காசு.

உங்க கடைக்கே போட்டுப் பாப்போம். குறிப்பும் விலைப்பட்டியலும் சேத்து 2500 டோக்கன்னு வைங்க, பலகாரக் கடைக்கு இது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. ஒரு ஆள் சராசரியா 6 மெசேஜ் பேசுறார்னு வைங்க, அப்ப 300 மெசேஜ்னா 50 பேரு. ஒரு கேள்வியும் பதிலும் சேந்து 200 டோக்கன். முதல் மெசேஜ்ல பழைய பேச்சு எதுவும் இல்ல, ரெண்டாவதுல 200, மூணாவதுல 400, ஆறாவதுல 1000, சராசரி எடுத்தா 500. ஆக உள்ள போறது 2500 + 500 + 40 = 3040 டோக்கன். நீங்க போட்டது 40.

```
calls = 300 * 30
inp = 2500 + 200 * (6 - 1) / 2 + 40
out = 160
print(calls * (inp * 50 + out * 250) / 1000000)
```

விடை 1728. உள்ள போறதுக்கு ₹1,368, வெளிய வர்றதுக்கு ₹360. உங்க கணக்கு மாதிரி நாலரை மடங்கு. வெளிய வர்ற டோக்கன் விலை ஜாஸ்தின்னு எல்லாரும் பதிலைச் சுருக்கத்தான் பாப்பாங்க, ஆனா இங்க பணம் போறது விலைப்பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறதுக்கு. ஆர்டர் அனுப்புற விதி, பழைய ஆஃபர், கடை வரலாறுன்னு எதை எல்லாமோ குறிப்புல கொட்டி வச்சிருந்தா முதல்ல அதை வெட்டுங்க. 2500ஐ 1500 ஆக்குனாலே மாசம் ₹450 மிச்சம்.

அடுத்து "மெசேஜ்"ங்கிற வார்த்தையே ஏமாத்தும். நம்ம ஊர்ல வாட்ஸ்அப்ல யாரும் ஒரே மெசேஜா கேக்குறதில்ல. "ஆச்சி"ன்னு ஒண்ணு, "இருக்கீங்களா"ன்னு ஒண்ணு, "கல்யாணச் சீருக்கு அதிரசம் 101 வேணும்"னு ஒண்ணு, அப்புறம் ஒரு "ம்ம்". ஒவ்வொண்ணுக்கும் பாட் ஓடுனா அந்த "ம்ம்"முக்கும் 3000 டோக்கன் போகும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை தங்குற இடமா நடத்துற ஒருத்தருக்கு நான் போட்டுக் குடுத்தப்ப இதுல நல்லா அடிபட்டேன், பில்லு நினைச்சதுக்கு ரெட்டிப்பா வந்துச்சு, லாக் எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல "ஓகே", "சரிங்க", வெறும் கும்பிடு எமோஜி. கடைசி மெசேஜ் வந்து அஞ்சாறு செகண்ட் பொறுத்து, அதுக்குள்ள வந்ததை எல்லாம் ஒண்ணாச் சேத்து ஒரே தடவையா அனுப்ப வச்சேன், அதோட அடங்குச்சு. அதனால நீங்க எண்ண வேண்டியது மெசேஜ் இல்ல, மாடலை எத்தனை தடவை கூப்பிடுறோம்ங்கிறதை.

இந்த 40, 160 எங்கேர்ந்து வந்துச்சு? இங்கிலீஷ்ல எண்ணியிருந்தீங்கன்னா அது தமிழுக்குச் செல்லாது. டோக்கன்ங்கிறது வார்த்தை இல்ல, துண்டுதானே, மாடல் தமிழை இங்கிலீஷை விட சின்னச் சின்னதா உடைக்கும், எவ்வளவு உடைக்கும்ங்கிறது மாடலுக்கு மாடல் மாறும். 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ வந்தப்ப ஓப்பன்ஏஐ காட்டுன உதாரணத்துல ஒரே தமிழ் வாக்கியம் பழைய முறையில 116 டோக்கன், புதுசுல 35. அப்ப டோக்கன் விலை பாதியா இருக்குன்னு ஒரு மாடலைப் புடிச்சா, அது தமிழை மூணு மடங்கு உடைச்சுதுன்னா நமக்கு நஷ்டம்தான். விலையை ஒப்பிடாதீங்க, அதே இருபது முப்பது பேச்சை ரெண்டு மாடல்லயும் ஓட்டி ரூபாயை ஒப்பிடுங்க.

அந்த முப்பது பேச்சுக்கு ஆச்சி போன்லயே பழைய சாட் கிடக்குமே, பேரையும் நம்பரையும் எடுத்துட்டு அதையே அடிச்சுப் பாருங்க, தங்கிலீஷ்ல கேட்டதையும் சேத்துக்கங்க. ஒவ்வொரு பதிலோடயும் `usage`னு ஒரு பகுதி வரும், அதுல `prompt_tokens`, `completion_tokens`னு (சில கம்பெனியில `input_tokens`, `output_tokens`) எண்ணிக்கை இருக்கும். அதுதான் பில்லுல வர்ற எண்ணு. யோசிச்சுப் பதில் சொல்ற வகை மாடலா இருந்தா ஒரு விஷயம், அது உள்ளுக்குள்ள யோசிச்சதும் வெளிய வர்ற டோக்கன் கணக்குலதான் ஏறும், ஸ்க்ரீன்ல ஒரு வரி பதில் இருக்கும் எண்ணிக்கை 900ன்னு காட்டும், பதறாதீங்க. "நாளைக்குக் கடை உண்டா"ங்கிற கேள்விக்கு அந்த மாடலே வேணாம்.

தீபாவளி மாசத்துல கூட்டம் ஏறுற நாளுக்கு வெறுமனே மூணால பெருக்குறது பத்தாது. ஆளும் ஏறும், ஒவ்வொரு ஆளும் பேசுறதும் நீளும், ஏன்னா சீர் ஆர்டர் எடுக்கிறவங்க எண்ணிக்கையை மாத்துவாங்க, டப்பா கேப்பாங்க, சென்னைக்கு அனுப்ப முடியுமான்னு கேப்பாங்க. 15 நாள் சாதாரணமா ஓடுதுன்னா ₹864. மீதி 15 நாள் தினம் 900 மெசேஜ், ஆளுக்கு 12 மெசேஜ்னா பழைய பேச்சு சராசரி 500லேர்ந்து 1100க்குப் போயிரும், அந்த 15 நாளைக்கு மட்டும் ₹2,997. மொத்தம் ₹3,861. பேச்சு நீளமாகுறப்ப கடைசி ஆறு மெசேஜை மட்டும் அனுப்புற மாதிரி வச்சா குறையும், ஆனா ஆர்டர் எண்ணிக்கையை தனியா எழுதி வச்சுக்கங்க, இல்லாட்டி முதல்ல சொன்ன 101 அதிரசத்தை பாட் மறந்துரும்.

குறைக்க இன்னொரு வழி கேஷிங். மாறாத பகுதி ஒரே மாதிரி முன்னாடி இருந்தா சில கம்பெனிக அதைக் கொஞ்ச நேரம் எடுத்து வச்சுக்கிட்டு அந்தப் பகுதிக்குக் கம்மி விலை போடுவாங்க. இன்னைக்குத் தேதி, ஸ்டாக்கு மாதிரி மாறுறதை எல்லாம் கடைசியில வைங்க, மேல வச்சா ஒவ்வொரு தடவையும் புதுசுன்னு நினைச்சு முழு விலையும் போட்டுரும். ஆனா பட்ஜெட் போடுறப்ப இந்தத் தள்ளுபடியை எண்ணாதீங்க, கொஞ்ச நேரம் கடை அமைதியா இருந்தா எடுத்து வச்சது அழிஞ்சிரும், தள்ளுபடியும் போயிரும்.

இதுல வாட்ஸ்அப் கட்டணம், ஜிஎஸ்டி, டாலர் கார்டு மார்க்கப் எதுவும் இல்ல, அது தனி. நான்னா உங்க கடைக்கு சாதாரண மாசத்துக்கு ₹2,500, தீபாவளி மாசத்துக்கு ₹5,500னு ஒதுக்கி, கம்பெனி டாஷ்போர்டுல அதுக்கு மேல போகாம லிமிட்டும் போட்டு வைப்பேன். முதல் வாரம் முடிஞ்சதும் மொத்த உள்ள போன டோக்கனை கூப்பிட்ட தடவையால வகுத்துப் பாருங்க. 3040 பக்கத்துல வந்தா சரி, 6000னு வந்தா விலைப்பட்டியல் ரெண்டு தடவை ஒட்டியிருக்கும், இல்லாட்டி பழைய பேச்சை யாரும் வெட்டவே இல்ல.