ரொக்கமாகக் கொடுத்த 14 லட்சம்: வரித்துறைக்கு என்ன பதில் எழுதுவது?

"பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் நானும் தம்பியும் கூட்டாகப் பூ மொத்த வியாபாரம் செய்கிறோம். 2024-25 கணக்கை வருமான வரித்துறை ஆய்வுக்கு எடுத்தது. ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தோம் என்று ரூ.14,20,000-ஐச் செலவாக ஏற்க முடியாதாம். ஏழு நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் நிஜமான கொள்முதல், பில் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூவோடு வந்து நிற்கிற விவசாயியிடம் செக்கை நீட்ட முடியுமா சார்? எப்படிப் புரியவைப்பது? அவர்கள் அனுப்பிய பட்டியலை இணைத்திருக்கிறேன்."

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நிஜமான கொள்முதல்" என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. இப்படி ரொக்கமாகக் கொடுத்த செலவைத் தள்ளுகிற, வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு பொய்ச் செலவைப் பிடிப்பதற்கானது அல்ல. பொய்ச் செலவு என்றால் வேறு பிரிவிலேயே தள்ளிவிடுவார்கள். செலவு நிஜம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்தப் பிரிவுக்கே வேலை. அத்தார் சிங் குர்முக் சிங் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. உண்மையான பரிவர்த்தனைகளை இது பாதிக்காது, ஏனென்றால் ரொக்கத்துக்கு நியாயமான காரணத்தைக் காட்ட வழி இருக்கிறது என்றும் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு சாய்ந்து நின்ற பொதுவான விலக்கு, "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்பது, 1990-களிலேயே விதியிலிருந்து போய்விட்டது. உங்கள் 2024-25 கணக்குக்குப் பொருந்தும் வருமான வரி விதிகளில், 6டிடி விதியில் எண்ணி வைத்த சில விலக்குகள்தான் உள்ளன. ஆகவே ஒவ்வொரு தொகையும் எந்த விலக்கில் நுழைகிறது என்று காட்டுவதுதான் பதில்.

இன்னொன்று: 17,500 ரூபாய் கொடுத்திருந்தால் வரம்பைத் தாண்டிய 7,500 மட்டும் போகாது, 17,500-ம் போகும். உங்களைப் போன்ற கூட்டு நிறுவனத்துக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி. 14,20,000-க்கு ரூ.4,43,040, வட்டி தனி. அதனால் பட்டியலை வரி வரியாகப் பிரிப்பது கூலி கிடைக்கிற வேலை.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். லாரி வாடகை 1,80,000, ஒவ்வொரு தடவையும் 15,000 வீதம். சரக்கு வாகனத்தை ஓட்டுவது, வாடகைக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்கான தொகைக்கு ஒரு நாள் வரம்பு 10,000 அல்ல, 35,000. இது முழுவதும் பட்டியலில் இருக்கவே கூடாது. விலக்கு கேட்கத் தேவையில்லை; பிரிவே பொருந்தாது என்று எழுதுங்கள், வண்டி எண்ணோடு லாரி ரசீதை வையுங்கள்.

அடுத்து 80,000. தலா 20,000 ரூபாய்க்கு நான்கு பில்கள். அதிகாரி பில் தொகையைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். சட்டம் பார்ப்பது பில்லை அல்ல, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் கைமாறிய பணத்தை. உங்கள் ரொக்கப் புத்தகத்தில் ஒவ்வொரு பில்லும் இரண்டு வெவ்வேறு நாட்களில் பத்து பத்தாயிரமாகத் தீர்ந்திருக்கிறது. சரியாக 10,000 என்றால் வரம்பைத் தாண்டவில்லை. அந்தப் பக்கங்களின் நகல் போதும். ஆனால் இதே விதி மறுபக்கமும் வெட்டும்: காலையில் 9,000, மாலையில் 9,000 என்று ஒரே ஆளுக்குக் கொடுத்திருந்தால் அது 18,000.

இனி முக்கியமான பகுதி, விவசாயிகளுக்குக் கொடுத்த ரூ.5,60,000. முப்பத்திரண்டு தடவை, தலா 17,500. தோட்டக்கலை விளைபொருளை, அதைப் பயிரிட்டவரிடமே வாங்கி ரொக்கம் கொடுத்தால் விலக்கு உண்டு. பூ தோட்டக்கலைதான், அதில் சண்டை வராது. சண்டை வருவது "பயிரிட்டவர்" என்ற சொல்லில். பதிலில் Rule 6DD(e) என்று அப்படியே எழுதுங்கள், அதன் பிறகு அவர் பயிரிட்டவர்தான் என்று நிரூபியுங்கள்.

அதற்கு வேண்டியது நிலத்தோடு ஆளை இணைக்கிற காகிதம். தளி, ஓசூர் பக்கத்து விவசாயி என்றால் சிட்டா மட்டும் போதாது. அது நிலம் யாருடையது என்றுதான் சொல்லும். அடங்கல்தான் அந்த ஆண்டு என்ன பயிர் நின்றது என்று சொல்லும். கர்நாடகப் பக்கம் என்றால் ஆர்.டி.சி., அதாவது பஹணி, இரண்டையும் ஒரே தாளில் காட்டும். வாங்கியதும் பயிர்ப் பத்தியைக் கண்ணால் பாருங்கள். நீங்கள் சாமந்தி வாங்கியதாக எழுதியிருக்க, அங்கே ராகி என்று இருந்தால் அந்தத் தாள் உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அப்படி இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உண்மை நிலைக்குச் சான்று வாங்குங்கள். குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர் என்றால் நிலம் அவர் பேரில் இருக்காது, அதனால் விலக்கு போய்விடாது. நில உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேருங்கள்.

கொள்முதல் வவுச்சரில் விவசாயியின் பெயர், ஊர், தேதி, பூவின் வகை, எத்தனை கிலோ, என்ன விலை, கையெழுத்து இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். எது சந்தேகத்தைக் கிளப்பும் என்று சொல்கிறேன்: முப்பத்திரண்டு வவுச்சரும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனா மையில், வரிசை எண் விடாமல் இருந்தால், நேற்று உட்கார்ந்து எழுதியதாகத் தெரியும். இல்லாததைப் புதிதாக எழுதாதீர்கள். வவுச்சரில் ஊர் விடுபட்டிருந்தால் அதைத் திருத்தாமல், இன்றைய தேதி போட்டு விவசாயியிடம் தனியாக ஓர் உறுதிக் கடிதம் வாங்குங்கள்: இன்ன சர்வே எண்ணில் நான் பயிரிட்ட பூ, இன்ன தேதிகளில் கொடுத்தேன், பணம் பெற்றேன் என்று. அதிகாரி அவருக்கே நேரடியாகக் கடிதம் போட்டுக் கேட்கலாம். அதை முன்பே சொல்லி வையுங்கள். வரித்துறைக் கடிதத்தைக் கண்டு பயந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது.

ரூ.4,80,000 மண்டிக்காரருக்குப் போனது. இதுதான் கடினம். அவர் பயிரிட்டவர் அல்ல, வியாபாரி என்று அதிகாரி எழுதியிருப்பது பொதுவாகச் சரி. ஏஜென்டுக்குக் கொடுத்தால் விலக்கு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அது உங்கள் ஏஜென்டுக்கு: உங்களுக்காகச் சரக்கு வாங்கி, உங்கள் சார்பில் ரொக்கம் கொடுக்க வேண்டியவருக்கு. மண்டிக்காரர் பெரும்பாலும் விவசாயியின் ஏஜென்ட். கமிஷனை அவரிடமிருந்துதான் பிடிக்கிறார். ஆகவே மண்டிக்காரர் கொடுத்த பட்டியை, அதாவது பில்லை, புரட்டிப் பாருங்கள். கமிஷன் உங்களிடம் வசூலாகி, விவசாயியின் பெயரும் தொகையும் தனித்தனியாக எழுதியிருந்தால், அவர் உங்களுக்காக வாங்கினார் என்று சொல்ல இடம் உண்டு. அவர் பெயரில் அவரே விற்றதாக வெறும் பில் இருந்தால் அந்த வாதத்தை எழுதாதீர்கள்; எழுதினால் நன்றாக இருக்கும் மற்ற வாதங்களின் மதிப்பும் குறையும்.

அந்தத் தொகைக்கு மாற்று வாதம், வியாபார நிர்ப்பந்தம். பிரிவின் விலக்கு வாசகத்திலேயே வங்கி வசதி, வியாபாரத் தேவை என்ற சொற்கள் இருக்கின்றன. 2014-ல் அனுபம் டெலி சர்வீசஸ் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், 6டிடி பட்டியலில் இல்லாவிட்டாலும் நிர்ப்பந்தம் உண்மையானால் தள்ளக் கூடாது என்று சொன்னது. பெங்களூரு அதிகாரியை அது கட்டுப்படுத்தாது, மேல்முறையீட்டில் உதவலாம். அதற்கு மண்டிக்காரரின் கடிதம் வேண்டும்: புதிய வாடிக்கையாளருக்குக் கடன் இல்லை, சரக்கு எடுக்கும்போதே ரொக்கம் என்று தேதிகளோடு. ஒரு கேள்வி கட்டாயம் வரும், அதற்கு இப்போதே பதில் தேடிக்கொள்ளுங்கள்: நள்ளிரவிலும் யூபிஐ வேலை செய்கிறதே, ஏன் அனுப்பவில்லை? "வங்கி மூடியிருந்தது" என்று எழுதிவிடாதீர்கள். வங்கி விடுமுறை நாளுக்கு இருந்த விலக்கை 2020 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். பழைய மாதிரிக் கடிதங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மண்டிக்காரர் யூபிஐ எடுக்கவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்தால்தான் இந்த வாதத்துக்கு உயிர்.

மீதி 1,20,000 கிடங்கு வாடகை, மாதம் 20,000 வீதம் ஆறு மாதம். உரிமையாளர் ரொக்கமாகக் கேட்டார் என்பதற்கு விலக்கு எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டுவிடுங்கள். வரி 37,440 தான், பதிலுக்கு மற்ற நான்கு தலைப்புகளிலும் உங்கள் பேச்சுக்கு நம்பகம் கிடைக்கும்.

அனுப்பும் முன் ஆடிட்டர் அறிக்கையின் 3சிடி படிவத்தில் 21-வது பத்தியைப் பாருங்கள். அங்கே இந்தத் தொகைகளைப் பற்றி அவர் எழுதியதற்கும் உங்கள் பதிலுக்கும் முரண் இருக்கக் கூடாது. இருந்தால் அவரிடமே விளக்கக் கடிதம் வாங்குங்கள்.

பதிலை ஆங்கிலத்தில்தான் தரப் போகிறீர்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"நோட்டீஸில் உள்ள ரூ.14,20,000-ஐ இணைப்பு 1-ல் ஐந்தாகப் பிரித்துள்ளோம். ரூ.1,80,000 சரக்கு வாகன வாடகை. 35,000 வரம்பை மீறவில்லை. ரூ.80,000-ல் எந்த நாளிலும் ஒருவருக்கு 10,000-க்கு மேல் தரவில்லை. ரொக்கப் புத்தகம் இணைப்பு 2. ரூ.5,60,000 பயிரிட்டவர்களுக்கே கொடுத்தது. அடங்கல், வவுச்சர், உறுதிக் கடிதம் இணைப்பு 3. ரூ.4,80,000-க்கான வியாபார நிர்ப்பந்தம் இணைப்பு 4-ல். ரூ.1,20,000 சேர்க்கப்படுவதை ஆட்சேபிக்கவில்லை. பாதகமான முடிவெடுக்கும் முன் காணொலி வழியே எங்களைக் கேட்கக் கோருகிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வருமான வரி இணையதளத்தில் Pending Actions, அதற்குள் e-Proceedings போய்ப் பதிவேற்றுங்கள். அடங்கல் வாங்க ஏழு நாள் போதாது என்றால், கெடு முடிவதற்குள் அங்கேயே அவகாசம் கேளுங்கள். கேட்டதோடு சும்மா இருக்காமல், கையில் இருக்கும் லாரி ரசீது, ரொக்கப் புத்தகப் பகுதியை உடனே அனுப்பிவிடுங்கள்.

உத்தரவு பாதகமாக வந்தால் முப்பது நாளுக்குள் படிவம் 35-ல் மேல்முறையீடு. அங்கே பெரும்பாலும் இந்தப் பதிலோடு வைத்த காகிதங்களைத்தான் பார்ப்பார்கள். புதிய ஆதாரம் என்றால் முன்பே ஏன் தரவில்லை என்று காரணம் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஓசூர் பக்கம் போகிற வேலையை இன்றே தம்பியிடம் ஒப்படையுங்கள்.