காலையில் தயிர் சாதம் கட்டிக்கொடுத்தால் மதியத்துக்குள் புளித்துக் கட்டியாகிவிடுகிறது. புளிக்காமல், வறண்டு போகாமல் குழைவாக இருக்க என்ன செய்யலாம்?

டப்பாவில் போகிற சாதத்தைத் தயிர் ஊற்றிப் பிசையாதீர்கள். பால் ஊற்றிப் பிசைந்து, தயிரை உறைக்கு விடுகிற அளவு மட்டும் சேருங்கள். வீட்டில் எட்டு மணிக்குக் கட்டினால், ஒரு மணிக்குத் திறக்கும்போது பால் டப்பாவுக்குள்ளேயே இளந்தயிராகியிருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றினால், ஏற்கெனவே புளிக்கத் தொடங்கிய ஒன்றுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் கொடுக்கிறோம். புளிக்காமல் என்ன செய்யும்?

ஒரு டம்ளர் பொன்னி பச்சரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் வைத்து, குக்கரில் ஐந்தாறு விசில் விடுகிறேன். பிரஷர் அடங்கியதும் சூட்டோடு சூடாகக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிட வேண்டும். ஆறிய சாதம் மசியாது, உதிரும். மசித்த சாதத்தில் காய்ச்சிய பால் இரண்டு டம்ளர், அதுவும் சூடாகவே. வறண்டு போவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது: சாதம் ஆற ஆற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது இழுக்க வேண்டியதைச் சூட்டிலேயே கொடுத்துவிட்டால், பிறகு டப்பாவில் இருப்பதை அதிகம் உறிஞ்சாது. கொழுப்புள்ள பாலாக இருந்தால் நல்லது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் மாதிரி. மெல்லிய பால்தான் இருக்கிறதென்றால் சூட்டிலேயே ஒரு சின்ன உருண்டை வெண்ணெய் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பொறுமை. விரலை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை ஆற விடுங்கள். அவசரத்தில் கொதிக்கிற சாதத்தில் தயிரைக் கொட்டினால் அது திரிந்துவிடும். சாதத்தின் மேல் வெள்ளைத் துணுக்குகளாகவும் ஓரத்தில் பச்சைத் தண்ணீராகவும் தெரிவது அதுதான். உறைய வைக்கிற கிருமிகளும் அந்தச் சூட்டில் செத்துப்போகும், பால் உறையாது. நேர்மாறாக, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலும் தயிருமாகக் கலந்தால் மதியம்வரை வெறும் பால் சாதமாகவே கிடக்கும்.

நான் சொன்ன அளவுக்கு வெயில் காலத்தில் ஒரு மேஜைக்கரண்டி தயிர் போதும், மார்கழிக் குளிரில் மூன்று. முந்தின இரவு உறை ஊற்றிய, புளிக்காத தயிராக இருக்கட்டும். உப்பையும் இந்த நேரத்தில் போடலாம். இந்த முறை கட்டிக்கொண்டு போவதற்குத்தான். உடனே சாப்பிடுவதென்றால் பாலைக் குறைத்து அரை டம்ளர் தயிர் தாராளமாக ஊற்றுங்கள்.

தாளிப்புக்கு நெய் வேண்டாம். ஆறினால் உறைந்து அண்ணத்தில் ஒட்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை. இதில் இஞ்சியை மட்டும் கவனியுங்கள். பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கிற நொதி ஒன்று உண்டு. பால் அதிகமாக இருக்கிற சாதத்தில் அதை அப்படியே போட்டால் பால் திரியவும் லேசாகக் கசக்கவும் வாய்ப்பு இருக்கிறது. எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. தாளிப்பின் சூடு தணிந்த பிறகு சாதத்தில் சேருங்கள்.

கலந்த உடனே மூடிவிடாதீர்கள். கால் மணி நேரம் திறந்தே வைத்துவிட்டு ஒரு தடவை கிளறிப் பாருங்கள், நிச்சயம் இறுகியிருக்கும். ஆறிய பால் இன்னும் அரை டம்ளர் ஊற்றி, இட்லி மாவு போல் கரண்டியிலிருந்து வழிகிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்க்க 'இவ்வளவு தண்ணியாகவா' என்று தோன்றும், தோன்றட்டும். அதுவே சாப்பிடுகிற நேரத்தில் சரியாக இருக்கும். சாப்பிடுகிற பதத்தில் கட்டினால் மதியம் கட்டிதான்.

டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு தாங்குகிற ஹாட்பேக்கில் இதைக் கட்டக்கூடாது. வெதுவெதுப்பு அப்படியே நின்று, பதினோரு மணிக்கே தயிராகி, ஒரு மணிக்குப் புளித்துவிடும். சாதாரண எவர்சில்வர் டப்பாதான் நல்லது.

ஆறேழு மணி நேரத்துக்கு மேல், அதுவும் சித்திரை வெயிலில், இந்த முறையும் தாங்காது. முந்தின இரவே செய்துவைக்க வேண்டுமென்றால் பால் விட்டு மசித்த சாதத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கல் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். சூடான பால் கொஞ்சம் விட்டுக் கிளறினால் இளகிவிடும். வெதுவெதுப்புக்கு வந்ததும் தயிர் சேர்த்துக் கட்டலாம். வெள்ளரிக்காய், வெங்காயம் எல்லாம் உப்போடு சேர்ந்தால் தண்ணீர் விட்டுவிடும். வேண்டுமென்றால் தனிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புங்கள். மாதுளை முத்துக்களை மட்டும் மேலாகத் தூவலாம்.