165 ஹெர்ட்ஸ் மானிட்டரின் வேகம் கண்ணுக்குத் தெரியும் கேம்கள் எவை?

கேள்வி: புதிதாக 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, அதில் எல்டன் ரிங் விளையாடிப் பார்த்தேன். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதற்கும் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. என்னிடம் இருப்பது நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டுதான். வாங்கியதன் பயன் தெரிய வேண்டுமானால் எந்தக் கேம்களை விளையாட வேண்டும்?

பதில்: இந்தச் சோதனைக்கு மிகவும் பொருந்தாத கேம்களுள் ஒன்று உங்கள் கையில் அகப்பட்டிருக்கிறது. எல்டன் ரிங் கணினியில் விநாடிக்கு 60 ஃப்ரேம்களைத் தாண்டாதபடி அதை உருவாக்கியவர்களே வரம்பிட்டிருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வலிமையாக இருந்தாலும் அந்த எண் ஏறாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்ற சண்டைக் கேம்களிலும் சண்டையின் கணக்கு முழுவதும் 60 ஃப்ரேம்களை வைத்தே அமைந்திருப்பதால், அங்கும் உங்கள் மானிட்டருக்குப் பெரிய வேலை இல்லை.

கேமைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். புதிய மானிட்டரை இணைத்தாலும் விண்டோஸ் பல நேரங்களில் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். Settings → System → Display → Advanced display என்ற பக்கத்திற்குச் சென்று, அங்குள்ள பட்டியலில் 165 தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலிலேயே 165 இல்லையென்றால், பெரும்பாலும் பழைய எச்டிஎம்ஐ கேபிளோ மானிட்டரில் நீங்கள் செருகியிருக்கும் துளையோதான் காரணம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறினால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வேறுபாடு எங்கே தெரியும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எல்சிடி மானிட்டர் ஒரு ஃப்ரேமைக் காட்டியபின், அடுத்தது வரும்வரை அதை அசையாமல் அப்படியே வைத்திருக்கிறது. நகரும் பொருளைப் பின்தொடரும் நம் கண்ணோ நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், அந்த இடைவெளியில் பொருள் இழுபட்டு மங்கலாகத் தெரிகிறது. 1920 பிக்சல் அகலமுள்ள திரையை ஒரே விநாடியில் கடக்கும் ஓர் உருவம் 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 32 பிக்சல் அளவுக்கு இழுபடும். 165 ஹெர்ட்ஸில் அது 12 பிக்சலாகக் குறையும். ஆகவே திரை முழுவதும் வேகமாக நகரும் கேம், அதிலும் மௌஸால் பார்வையைத் திருப்பும் கேம், இந்த வேறுபாட்டை உடனே காட்டிவிடும். மெதுவாக நகரும் வியூகக் கேம்களில் வரைபடத்தை இழுக்கும்போது மட்டுமே அது சற்றுத் தெரியும்.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 நல்ல தேர்வு. போட்டியில் இறங்க வேண்டியதில்லை; பாட்களுடன் பயிற்சி ஆட்டம் ஒன்றைத் திறந்தாலே போதும். கேம் தரும் ஃப்ரேம் வேகத்துக்கேற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றும் ஜி-சின்க் அல்லது ஃப்ரீசின்க் வசதி மானிட்டரில் இருந்தால் அதை இயக்கிவிட்டு, கேமுக்குள் வி-சின்க்கை அணைத்துவிடுங்கள். பிறகு கேம் அமைப்புகளில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கன்சோலை அனுமதித்து, அதைத் திறந்து முதலில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
fps_max 60
```

சுவரில் எழுத்தோ கோடுகளோ உள்ள ஓரிடத்தில் நின்று, மௌஸை இடமும் வலமுமாக ஒரே சீராக அசைத்துக்கொண்டே அந்த எழுத்தைப் படிக்க முயலுங்கள். அடுத்து வரம்பை நீக்குங்கள்:

```
fps_max 0
```

அதே வேகத்தில் மீண்டும் அசைத்துப் பார்த்தால், முன்பு கரைந்துபோன எழுத்தின் விளிம்புகள் இப்போது பிடிபடும். மௌஸுக்கும் திரைக்கும் இடையே இருந்த மந்தமும் குறைந்திருக்கும். ஒரே கேம், ஒரே காட்சி, மாறியது ஃப்ரேம் எண்ணிக்கை மட்டும் என்பதால் இது மனமயக்கமா என்ற கேள்விக்கு இடமில்லை. இரண்டு நிலைகளுக்கும் இடையே எதுவுமே மாறவில்லையென்றால், கேமின் வீடியோ அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒரே ஒரு கேமைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் 2020-இல் வெளிவந்த டூம் எடர்னலைச் சொல்வேன். நின்று குறிபார்க்க விடாமல், ஓடவும் தாவவும் நாற்புறமும் திரும்பவும் வைக்கும் கேம் அது. பார்வை ஓயாமல் சுழன்றுகொண்டே இருப்பதால் மேற்சொன்ன கணக்கின் பலன் ஒவ்வொரு நொடியும் கிடைக்கிறது. அதன் இன்னொரு சிறப்பு, நடுத்தரக் கார்டிலும் மூன்றிலக்க ஃப்ரேம்களை எட்டும் அளவுக்குச் செதுக்கப்பட்ட நிரல். வீடியோ அமைப்புகளில் மோஷன் பிளரை முதலில் அணையுங்கள். செயற்கையாக மங்கலைச் சேர்க்கும் அந்த வசதி இயங்கினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தெளிவை அதுவே அழித்துவிடும். கார்டின் நினைவகம் குறைவாக இருந்தால் Texture Pool Size என்ற அமைப்பை ஓரிரு படி இறக்குங்கள். நினைவகம் நிரம்பிவிட்டால் ஃப்ரேம்கள் திடீர் திடீரெனத் தடுக்கி விழும், அதை எந்த மானிட்டராலும் மறைக்க முடியாது.

துப்பாக்கிக் கேம்களில் நாட்டமில்லையென்றால், கார்களால் பந்து விளையாடும் ராக்கெட் லீக் உண்டு. அதுவும் இலவசம்தான், எளிய கணினியிலும் அதிக ஃப்ரேம்கள் தரும். பக்கவாட்டில் ஓடும் இருபரிமாணக் கேம்களைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது தவறு என்பேன். ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ் விளையாடும்போது கண் ஓரியைப் பின்தொடர, காட்டின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் பின்னோக்கி ஓடுகின்றன. 60 ஹெர்ட்ஸில் ஒரே பூச்சாகத் தெரியும் இலைகளும் கொடிகளும் இங்கே தனித்தனியே தெரியும். அதே வகையைச் சேர்ந்ததுதானே என்று செலஸ்டை வாங்கிவிடாதீர்கள். கேம் அருமையானது, ஆனால் அது 60 ஃப்ரேம்களில் பூட்டப்பட்டது.

எந்தக் கேமானாலும் 165-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று கிராபிக்ஸ் தரத்தை அடிமட்டத்திற்கு இறக்க வேண்டியதில்லை. 60 ஃப்ரேம்களில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது, 120-இல் 8.3, 165-இல் 6.1. அதாவது 60-இலிருந்து 120-க்கு ஏறும்போது 8 மில்லிவிநாடிக்கு மேல் மிச்சமாகிறது, அதன்பின் 165 வரை ஏறினாலும் கிடைப்பது 2 மில்லிவிநாடி சொச்சமே. டூம் எடர்னல் உங்கள் கார்டில் 115-க்கும் 130-க்கும் இடையே ஓடினால், தரத்தைக் குறைக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். ஜி-சின்க்கோ ஃப்ரீசின்க்கோ அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்துவிடும்.

மாறாக, ஒரு கேம் 80-ஐத் தாண்டாமல் திணறினால் ரெசொல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம்கள் ஏறினால் கார்டின் மேல் சுமை அதிகம் என்று பொருள். அப்போது தர அமைப்புகளைக் குறைப்பது உதவும். எண் அசையவே இல்லையென்றால் தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கிறது. பெரிய நகரங்களும் திரளான மக்களும் உள்ள திறந்தவெளிக் கேம்களில் இது அடிக்கடி நேர்வது. அத்தகைய கேமில் கிராபிக்ஸ் தரத்தை எவ்வளவு இறக்கினாலும் படம் அழகிழப்பதைத் தவிர வேறு பலன் கிடைக்காது.