டை விட்டாச்சு, நடுவகிட்டுல தெரியற கோட்டை என்ன பண்றது?

கே: டை அடிக்கறத நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. மேல வெள்ளை, கீழ கரு கரு கருப்பு, ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. கருப்பை ப்ளீச் பண்ணி எடுத்துடலாமா?

முழுசா எடுக்க வேணாம்ங்க. வருஷக்கணக்கா அடிச்ச கருப்பு நுனில பல அடுக்கா ஏறி உக்காந்திருக்கும், ப்ளீச் போட்டா முதல்ல செங்கல் கலர் வரும், அப்புறம் ஆரஞ்ச், அது வெளிர் மஞ்சளாகறதுக்குள்ள முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துடும். நமக்கு கருப்பு போகணும்னு இல்ல, அந்தக் கோடு கலைஞ்சா போதும். பார்லர்ல வகிட்டோரமும் நெத்தியோரமும் மட்டும் ரொம்ப மெல்லிசா இழை எடுத்து கருப்புப் பகுதில அந்த இழைய மட்டும் ப்ளீச் பண்ணி வெளிர் ஹைலைட்ஸ், மேல வெள்ளைல அங்கங்க டெமி பெர்மனென்ட் கலர்ல ஆஷ் ப்ரவுன் லோலைட்ஸ், அதாவது கொஞ்சம் அடர் கலர் இழைங்க, போடச் சொல்லுங்க. டெமி கலர் அலச அலச மங்கிடும், அதனால புதுசா இன்னொரு கோடு பளிச்சுனு விழாது.

கே: நான் மருதாணி, அவுரிப் பொடி போடறவ. எனக்கும் இதே சரியா வருமா?

பார்லர்ல இத கண்டிப்பா சொல்லிடுங்க, ப்ளீச் பட்டா அவுரி பச்சையா திரும்பலாம். சில பாக்கெட் பொடில உலோக உப்பு கலந்திருக்கும், அது ப்ளீச்சோட சேர்ந்தா சூடாகி முடியே பொசுங்கும். பின்கழுத்துல உள்ள தள்ளி கொஞ்சம் முடி வெட்டி, ப்ளீச் கலவைல போட்டுப் பாக்கச் சொல்லுங்க, சூடேறினாலோ பச்சை அடிச்சாலோ உங்களுக்கு கத்திரிக்கோல் மட்டும்தான் வழி.

கே: இடுப்பு வரைக்கும் முடி. பாப் எல்லாம் வெட்ட மனசு வரல.

முடி மாசம் சுமாரா ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பு நீளம் 70 சென்டிமீட்டர்னா, வெட்டாம விட்டா அஞ்சாறு வருஷம் ரெண்டு கலர்ல பின்னல் போடணும். இப்பவே தோள்பட்டைக்கு லேயர்ஸா வெட்டிட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை நுனியை ட்ரிம் பண்ணிட்டே வந்தீங்கன்னா, ஒன்றரை ரெண்டு வருஷத்துல தாடை அளவு முழு வெள்ளி கையில இருக்கும், அங்கேந்து மறுபடி வளத்துக்கலாம். ஒரே மட்டமா மட்டும் வெட்ட விடாதீங்க, கோடு இன்னும் எடுப்பா தெரியும். சுருட்டை முடிக்காரங்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான்.

கே: நடுவுல பொண்ணு கல்யாணம் வருது!

மறுபடி டை டப்பாவ எடுக்காதீங்க, ப்ளீஸ், வளந்த அத்தனையும் வீணாயிடும். நேர் வகிட்ட விட்டு ஸிக்ஸாக்கா எடுங்க, வகிட்டுல ரூட் டச்சப் பவுடர் ஒத்தி எடுங்க, தலைக்கு குளிச்சா போயிடும். கொண்டை போட்டு பூ சுத்தினா மீதியும் மறைஞ்சுடும்.

கே: வந்த வெள்ளையும் மஞ்சளா இருக்கே?

மொதல்ல எண்ணெய் பாட்டில பாருங்க, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சின எண்ணெய் வெள்ளை முடில சாயமா ஏறும், மஞ்சள் பூசிக் குளிக்கறதும் அப்படித்தான். சாதா தேங்காயெண்ணெய்க்கு மாறுங்க. வாரம் ஒருதடவை பர்ப்பிள் ஷாம்பு, ரெண்டு மூணு நிமிஷம் போதும், ஊற விட்டா ஊதா பூத்துடும். போர் தண்ணி இரும்புக் கறைன்னா பர்ப்பிள் ஷாம்பு அதை எடுக்காது, அதுக்கு கீலேட்டிங் ஷாம்புன்னு கேட்டு வாங்குங்க, மாசம் ரெண்டு தடவைக்கு மேல வேணாம்.