கப்பல் கார்கோ பெட்டிக்குக் கிலோவா, அளவா?

"துபாயிலிருந்து ஊருக்கு வீட்டுச் சாமான் ஒரு பெட்டி கப்பலில் அனுப்ப எவ்வளவு ஆகும்? கிலோவுக்கு ஒரு ரேட் சொல்லிவிட்டு, பெட்டியை அளந்து பார்ப்போம் என்கிறார்கள். புரியவில்லை."

நீங்களும் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஷார்ஜாவிலிருந்து கிளம்பும்போது இதே விஷயத்தில் நான் பணத்தை விட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரியதில் ரஜாய், தலையணை, பிள்ளைகளின் பொம்மைகள். சின்னதில் புத்தகங்களும் குக்கர், தோசைக்கல்லும். வீட்டுத் தராசில் பெரியது 24 கிலோ, சின்னது 31 கிலோ. ஏஜென்ட் போனில் கிலோவுக்கு 6 திர்ஹாம் என்றார். 55 கிலோவுக்கு 330 திர்ஹாம் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். வந்த பில் 462.

நான் கடையில் வாங்கிய பெரிய அட்டைப்பெட்டி 75 × 50 × 50 செ.மீ. ஆனால் ரஜாயை அழுத்தி அழுத்தித் திணித்ததில் நான்கு பக்கமும் வயிறு தள்ளிவிட்டது. வந்த பையன் துருத்திய இடத்தில் டேப்பை வைத்து 79 × 54 × 53 என்று எழுதினான். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 45.2. அதை 46 கிலோ ஆக்கினார்கள். எடைக் கணக்கு, அளவுக் கணக்கு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 24 கிலோ பெட்டிக்கு 276 திர்ஹாம் போனது. சின்னப் பெட்டி 45 × 45 × 45, அளவுப்படி 18.2 கிலோதான். ஆனால் எடை 31 என்பதால் அதற்கு 186.

அளவு பார்ப்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கன்டெய்னரில் எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். 20 அடி கன்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர்தான் உள்ளே இடம், தலையணை ஏற்றினால் அது நிறைந்தும் சில டன்தான் வரும். என் வருத்தம் 5000 என்ற எண் மீது. கப்பல் சரக்கில் வழக்கமான கணக்கு ஒரு சிபிஎம், அதாவது ஒரு கன மீட்டர், 1000 கிலோவுக்குச் சமம் என்பது. 5000-ஆல் வகுத்தால் அதே கன மீட்டர் 200 கிலோ ஆகிறது. இது கூரியர்காரர்கள் விமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு. சரி, ஒரு பெட்டிக்காரன் சிபிஎம் கணக்கில் நேராக அனுப்பவும் முடியாது. பெரும்பாலும் குறைந்தது ஒரு சிபிஎம்முக்குக் காசு கேட்பார்கள், என் பெரிய பெட்டியோ துருத்திய அளவிலும் 0.23 கூட இல்லை. அதற்கு மேல் இறங்கும் துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டருக்கான கட்டணம், கிடங்குச் செலவு, கஸ்டம்ஸ் கிளியரிங் எல்லாம் நம் தலையில் விழும். பலர் பெட்டியைச் சேர்த்து வீடு வரை கொண்டுபோய்க் கொடுப்பவரிடம் கிலோ ரேட்டில் கொடுப்பதுதான் வழி.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் என் தவறு தெரிந்தது. கனமானதை ஒரு பெட்டியிலும் லேசானதை இன்னொன்றிலும் பிரித்ததால் ஒன்றுக்கு அளவிலும் மற்றதற்கு எடையிலும் அடி. பாதிப் புத்தகங்களைப் பெரிய பெட்டியின் அடியில் அடுக்கி, அந்த இடத்துக்குத் தலையணையைச் சின்னதில் வைத்திருந்தால் பெரியது 37, சின்னது 18 கிலோ என்று வந்திருக்கும். வயிறு தள்ளாமல் கட்டியிருந்தால் அளவுக் கணக்கு 37.5-ம் 18.2-ம். மேலே ஏற்றிப் போட்டாலும் 38-ம் 19-ம், மொத்தம் 342 திர்ஹாம். அதே சாமான், 120 திர்ஹாம் மிச்சம். 37 கிலோவுக்கு ஐந்து அடுக்கு உள்ள ஃபைவ் பிளை அட்டை வேண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

"தலையணை ஊரில் கிடைக்காதா" என்று சிலர் கேட்பார்கள். அந்த ரஜாய் என் மாமியார் பழைய சேலைகளை வைத்துக் கையால் தைத்தது. அப்புறம், அந்த மாதம் 120 திர்ஹாம் எங்களுக்குப் பெரிய பணம். நாங்களே சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த ஃபிளாட்டுக்கு, பெயின்ட் செலவு என்று சொல்லி வீட்டுக்காரர் டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருடம் ஒரு நாள் தாமதமில்லாமல் வாடகை கட்டியவர்களுக்கு அது. இன்னும் ஆறவில்லை.

நீங்கள் ரேட் கேட்கும்போதே எதால் வகுக்கிறார்கள் என்று கேளுங்கள். 6000 என்பவர் கிலோவுக்குக் கொஞ்சம் கூடச் சொன்னாலும் லேசான பெட்டிக்கு மலிவாக முடியலாம். என் பெட்டி துருத்தாமல் இருந்தால் 6000-க்கு 31.25 கிலோதான். டேப் ஒட்டிய பிறகு நீங்களே அளந்து, மூன்று அளவையும் எடையையும் பெட்டி மேல் மார்க்கரில் எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். அவர்கள் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், கிடங்குக்குப் போனபின் வரும் எண்ணோடு வாதாட நம் கையில் வேறு எதுவும் இருக்காது.